தாணுமாலையனின் லாகின்

அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை, அனஸின் லாகினை மூடியது.

ஞாயிற்றுக்கிழமை காலை. அந்த வாரம்தான் தாணுமாலையனுக்குக் கண்புரை எடுத்திருந்தது. வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் உட்கார்ந்திருந்தார். திரையைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், விடுமுறைக்கு வந்திருந்த சித்ரலேகா மடிக்கணினியைத் திறந்தாள். அவளும் இதே தொழில்தான். பெங்களூரில் ஒரு பெரிய நிறுவனத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறாள். அவர் பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் ஒரே ஒரு சர்வரைப் பார்த்துக்கொண்டார். வீட்டிலிருந்தே அதற்குள் நுழையலாம்.

அந்தக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற அனஸுக்குத் தோஹாவில் வேலை கிடைத்திருந்தது. சனிக்கிழமையோடு நின்றுவிட்டான்.

"முதல்ல அவன் ஃபைலையெல்லாம் பென் டிரைவ்ல எடு. சொந்தமா வச்சிருக்கதை மட்டும். பேஷண்ட் ரிப்போர்ட் ஒண்ணும் கலந்துரக் கூடாது."

"எனக்குத் தெரியும்ப்பா. நான் அங்கன இதைத்தான் தினமும் செய்யுதேன்."

"உங்க கம்பெனில ஆளு போனா மெஷினே மூடிரும். இங்கன கையால மூடணும். சொல்லுததைச் செய்யி, ஏட்டி."

செய்தாள். அனஸின் தங்கை கல்யாணப் படங்கள், எழுதிப் பாதியில் விட்ட ஆங்கில விண்ணப்பங்கள், ஒரு ஃபிஃபா அட்டவணை. எல்லாம் பென் டிரைவில் ஏறியது. அடுத்து, பூட்டுகிற கட்டளை: usermod -L. பாஸ்வேர்டுக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறி விழுந்தது. இனி அவன் என்ன அடித்தாலும் பொருந்தாது.

"அதோட நிறுத்திராதே. பாஸ்வேர்டைப் பூட்டினா சாவிக்காரனுக்கு என்ன? அவன் வீட்டு லேப்டாப்ல இருந்து பாஸ்வேர்டே இல்லாம சாவி ஃபைலை வச்சு வருதான்லா."

"சாவியையும் எடுத்தாச்சு."

"அவன் பேர்ல தானா ஓடுத வேலை ஏதும்?"

"ஒண்ணும் இல்ல."

"அப்பம் கணக்கு முடியுத தேதியைப் போடு. சைபர் போட்டுராதே."

"சைபர் போட்டா சில இடத்துல 'முடிவே இல்லை'ன்னு எடுத்துக்கும். மேனுவல்லயே இருக்கு. நான் படிச்சவதான்."

chage -E 1 anas என்று அடித்தாள். பிறகு chage -l போட்டுப் பார்த்தாள். கணக்கு முடியும் நாள்: 1970 ஜனவரி 2. லினக்ஸ் நாளை எண்ணத் தொடங்குவது 1970 ஜனவரி ஒன்றில். அதற்கு அடுத்த நாளே காலாவதி ஆனவன் இன்றைக்கு எந்த வழியாலும் உள்ளே வர முடியாது. சாவி வைத்திருந்தாலும் வாசலில் நிறுத்திவிடும்.

"இந்தக் கூடத்தை விட்டுப் போனவங்க எல்லாருக்கும் ஒரே திதிதான்" என்று தாணுமாலையன் சிரித்தார். "மார்கழி மாசம். நல்ல மாசம்."

அடுப்படியிலிருந்து அவர் மனைவி ஆவுடைத்தாய் கேட்டாள். "ஒருத்தன் வேலைய விட்டுப் போறதுக்கு அப்பனும் மகளும் காலையில இருந்து இவ்வளவு சடங்கா?"

"சடங்கை ஒழுங்காச் செய்யலேன்னா அலையும், ஆவுடை. ஆளு போயிருவான். பேரு உள்ள அலையும்."

பென் டிரைவைத் துடைத்துத் தன் கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டுக்கொண்டார். போகிறவனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது அவர் வழக்கம். இருபது வருடத்தில் அந்தக் கூடத்தை விட்டுப் போன ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒரு பென் டிரைவைத் தன் கையால் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். சண்டை போட்டுப் போனவர்களுக்கும்.

"வெள்ளிக்கிழமைதான் அவனுக்கு ஃப்ளைட். அதுக்குள்ள மேலப்பாளையம் போய்க் குடுத்துட்டு வந்துருதேன்."

செவ்வாய்க்கிழமை கண் டாக்டரைப் பார்த்துவிட்டு நகரப் பேருந்தில் திரும்பினார். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால், தூங்குகிறார் என்றே நடத்துநர் நினைத்தாராம்.

தாணுமாலையன் கூடத்துக்குள் நுழைந்தது பில் போடும் குமாஸ்தாவாக. அப்போது இரண்டு அறை, ஒரு நுண்ணோக்கி, கார்பன் தாள் வைத்த பில் புத்தகம். முதலாளியம்மா டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி ஒரு கணினி வாங்கி வைத்தபோது, அதைத் தொட ஆளில்லை. ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த குறுந்தகட்டை வைத்து லினக்ஸை ஏற்றியவர் இவர். மூன்று முறை ஏற்றி மூன்று முறை அழித்தார். நான்காவது முறை நின்றது. அதற்குப் பிறகு பில் போட வேறு ஆள் வந்தார்.

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று ரத்தம் சேகரிக்கும் கிளைகள் ஆற்றோரமாக நீண்டபோது, கணினியை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் போய் வைத்துவிட்டு வந்தவரும் இவரே. ஊழியர்கள் எல்லோருக்கும் 'தாணு அண்ணாச்சி'. தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்று என்று திரையில் வந்தால் எல்லோரும் அவரைத்தான் ஏசுவார்கள். வரவேற்பு மேசை பிரம்மநாயகி முகத்துக்கு நேரே சொல்லுவாள். "அண்ணாச்சி, எம் புருசன்கூட என்னை இவ்வளவு சந்தேகப்பட்டது கிடையாது."

"உன்னைச் சந்தேகப்படலட்டி. உனக்குப் பின்னாடி நிக்கவனைச் சந்தேகப்படுதேன்."

வீட்டில் அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. மகளிடம் பேச இருந்த பொதுவான விஷயம் சர்வர்தான். அவள் பெங்களூரிலிருந்து போன் செய்தால், சாப்பிட்டாயா என்று ஒரு கேள்வி, பிறகு சர்வர் தானே எழுதிவைக்கும் லாகில் வந்த ஏதாவது ஒரு வரி. அதை வைத்து அரைமணி நேரம் ஓடும். அவர் போன பிறகு சித்ரலேகாவின் போனில் அந்த நேரம் காலியாகக் கிடந்தது. அந்த நேரத்தில் அவள் உட்காரமாட்டாள். மாடிக்கும் வாசலுக்குமாக நடப்பாள். தீபாவளி அந்த வீட்டுப் பக்கம் வராமலே போனது.

பதினாறு முடிந்த மறுநாள் காலை, பந்தலில் கட்டியிருந்த விளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கூடத்தின் மேலாளர் சிவகணேஷ் போன் செய்தான்.

"தங்கச்சி, இந்த நேரத்துல கூப்பிடக் கூடாதுதான். இன்னிக்கு விடியக்காலம் ரிப்போர்ட் ஒண்ணும் கிளைக்குப் போகல. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"என்ன மாத்துனீங்க?"

"ஒண்ணும் மாத்தல."

அவள் தொழிலில் தினமும் கேட்கிற பதில் அது. ஏதோ மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேற" என்றான். "தரச்சான்றுக்கு வருதாங்க. வேலைய விட்டுப் போனவங்க லாகின் ஒண்ணாவது திறந்து கிடந்தா குறிச்சிருவாங்க. முதல்ல பார்க்கப்போறது அண்ணாச்சி பேரைத்தான். எனக்கு அவரு பேரு அதுல வரக் கூடாது."

அவளுக்கும் வரக் கூடாது. இருபது வருடம் அடுத்தவர் வாசலைப் பூட்டியவரின் வாசல் திறந்துகிடந்தது என்று எவனோ ஒருவன் தாளில் எழுதிவிட்டுப் போகக் கூடாது. குளித்த ஈரத்தோடு பேருந்து ஏறினாள். உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனாள்.

கூடத்தில் போன் ஓயவில்லை. ஐப்பசி மழையோடு காய்ச்சலும் வந்திருந்தது. மணிமுத்தாறு பக்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்கள். முந்தின நாள் மாலை எடுத்த ரத்தத்தின் தட்டணு எண்ணிக்கை காலைச் சுற்றுக்குள் டாக்டர் கைக்குப் போக வேண்டும். அதைப் பார்த்துத்தான் எந்தப் பிள்ளையைத் திருநெல்வேலிக்கு அனுப்புவது என்று முடிவுசெய்வார்கள். முடிவுகள் சர்வரில் பத்திரமாக இருந்தன. போகத்தான் இல்லை. பிரம்மநாயகி ஒவ்வோர் எண்ணாகப் போனில் வாசித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் அம்பைக் கிளையின் இசக்கிராஜா எழுதிக்கொண்டிருந்தான்.

"முப்பத்தெட்டாயிரம்னு சொன்னீயளா, எண்பத்தெட்டாயிரமா? நல்லாக் கேட்கலக்கா. தப்பா எழுதிட்டா எம் மண்டையை உடைப்பாவ."

சித்ரலேகா தாணுமாலையனின் நாற்காலியில் உட்காரவில்லை. பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டு லாகைத் திறந்தாள். விடியற்காலை ரிப்போர்ட் அனுப்பும் வேலை தானாகத் தொடங்க வேண்டிய நேரத்தில் ஒரே ஒரு வரி. thanu என்ற பயனருக்கு அனுமதி இல்லை. பாஸ்வேர்டு செல்லாது, புதியது வேண்டும்.

இரண்டு தரம் படித்தாள்.

"அண்ணே, அந்த வேலை எங்கப்பா பேர்லயா ஓடுது?"

"ஆமா. வச்ச நாள்ல இருந்தே."

chage -l thanu என்று அடித்தாள். கடைசியாகப் பாஸ்வேர்டு மாற்றிய நாள்: 2016 ஜூன் 14. இந்த சர்வர் வந்த வருடம். அதிகபட்ச ஆயுள்: 90 நாள்.

"இந்தத் தொண்ணூறை யார் போட்டது?"

சிவகணேஷ் நெற்றியைத் தேய்த்தான். "நேத்து சாயந்தரம் லிஸ்ட் எடுத்துப் பார்த்தேன். எல்லாருக்கும் தொண்ணூறு இருக்கு, அண்ணாச்சிக்கு மட்டும் தொண்ணூத்தொன்பதாயிரத்துச் சொச்சம். இன்ஸ்பெக்டர் கேட்பான்லா. அவரு போன மறுநாளே பாஸ்வேர்டைப் பூட்டிட்டேன். பூட்டின வீட்டுக்கு இன்னொரு பூட்டு, அதுல என்ன கெட்டுப்போச்சுன்னு போட்டேன்."

அதுதான் கெட்டது. பாஸ்வேர்டைப் பூட்டியது வேலையைத் தொடவில்லை. தானாக ஓடுகிற வேலைக்கு யாரும் பாஸ்வேர்டு அடிப்பதில்லை. அதனால் பூட்டிய பிறகும் இரண்டு வாரம் விடியற்காலைதோறும் தாணுமாலையன் பெயரில் ரிப்போர்ட்டுகள் ஆற்றோரமாகப் போய்க்கொண்டுதான் இருந்தன. ஆனால் ஆயுள் என்பது வேறு. வேலையைத் தொடங்குவதற்கு முன் அந்தப் பயனர் இன்னும் செல்லுபடியாகிறாரா என்று இயந்திரம் ஒரு கேள்வி கேட்கும். எட்டு வருடப் பழைய பாஸ்வேர்டுக்குத் தொண்ணூறு நாள் ஆயுள் என்று நேற்று எழுதியதும், அது அந்தக் கணமே செத்துப்போனது. புதியதை வைத்துவிட்டு வா என்று இயந்திரம் கேட்கிறது. வைக்க ஆள் இல்லை.

அவளுக்கு எரிச்சல் வந்தது. சிவகணேஷ் மேல் அல்ல. அனஸ் பெயரில் தானாக ஓடுகிற வேலை ஏதும் உண்டா என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டது யார்? கூடத்துக்கே ஓடுகிற வேலையைத் தன் பெயரில் வைத்திருந்தவர். எல்லோருக்கும் தொண்ணூறு, தனக்கு மட்டும் முடிவில்லை. விட்டுப் போகிறவர்கள் என்ற கூட்டத்தில் தாணுமாலையன் தன்னை ஒருபோதும் சேர்த்ததில்லை.

சிவகணேஷ் பைய அருகில் வந்தான்.

"ஒண்ணு சொல்லட்டுமா? மாத்தின தேதியை இன்னிக்குன்னு போட்டுட்டா? தொண்ணூறும் அப்படியே இருக்கும். வேலையும் ஓடும். இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும், பைய மத்ததைப் பார்ப்போம்."

தொழில் தெரியாதவன் சொல்லவில்லை. சரியாகத்தான் சொன்னான். chage -d, இன்றைய தேதி. ஒரு வரி.

பிரம்மநாயகி போனில் மறுபடி முதலிலிருந்து வாசித்துக்கொண்டிருந்தாள். சித்ரலேகா அடித்தாள். அடுத்த நிமிடத்துக்கு வேலையை மாற்றி வைத்தாள். நிமிடம் திரும்பியது. மூன்று கிளைக்கும் ரிப்போர்ட்டுகள் போயின. இசக்கிராஜாவின் குரல் போனுக்கு வெளியே கேட்டது. "வந்துட்டு, வந்துட்டு. முப்பத்தெட்டுதான்க்கா. நான் சரியாத்தான் எழுதியிருக்கேன்."

கூடம் மூச்சுவிட்டது. யாரோ டீ கொண்டுவந்தார்கள். சித்ரலேகா மறுபடியும் chage -l போட்டுப் பார்த்தாள். பார்த்திருக்க வேண்டியதில்லை.

கடைசியாகப் பாஸ்வேர்டு மாற்றிய நாள்: 2024 நவம்பர் 7.

நேற்று அவருக்குப் பதினாறு. இன்று பாஸ்வேர்டு மாற்றியிருக்கிறார்.

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. நீதிமன்றப் பக்கம் வரை நடந்தாள், திரும்பினாள், மறுபடி நடந்தாள். கறுப்பு அங்கிகள் குடைக்கு ஓடின. அந்த வரி அவளுக்குப் பிடித்திருந்தது. அதுதான் தொந்தரவு. இப்படியே விடலாம். தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை இங்கே வந்து தேதியை மாற்றிவிட்டுப் போகலாம். பெங்களூரிலிருந்தே மாற்றலாம். ஒவ்வொரு விடியற்காலையும் லாகில் thanu என்று ஒரு வரி விழுந்துகொண்டே இருக்கும். அவளுக்கு மட்டும் தெரியும்படி ஒருவர் எழுந்து வேலைக்குப் போய்க்கொண்டே இருப்பார்.

பேரு உள்ள அலையும், ஆவுடை.

திரும்பிவந்து ஸ்டூலை இழுத்தாள்.

"அண்ணே, வேலையை வேற பேருக்கு மாத்தப்போறேன். இன்னிக்கே."

"இன்னிக்கா? நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன் தங்கச்சி. நாளைக்கும் ரிப்போர்ட் போகலேன்னா அவனுக முன்னாடியே மானம் போயிரும். இப்பம் ஓடுதுல்லா."

"இப்பம் ஓடுதது பொய்யில ஓடுது. நாளைக்கு அவங்க செத்தவரு எப்படிப் பாஸ்வேர்டு மாத்துனாருன்னு கேட்டா நீங்க என்ன சொல்லுவீங்க?"

சிவகணேஷ் திரையைப் பார்த்தான். பிறகு கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

முதலில் பொய்யைத் திருத்தினாள். மாற்றிய நாளைப் பழையபடி 2016 ஜூன் 14 என்று வைத்தாள். அதோடு thanu பெயரில் எதுவும் ஓடாது. இனி திரும்பிப் போக வழியில்லை என்று தனக்கே ஆக்கிக்கொண்டாள்.

புதிய பயனர் ஒன்று வேண்டும். மனிதர் யாரும் உள்ளே நுழைய முடியாத, வேலை செய்ய மட்டுமே ஆன பெயர்.

"என்ன பேரு வைக்க?"

"தபால்னு வையுங்க" என்றான் சிவகணேஷ். "அண்ணாச்சி அதை அப்படித்தான் சொல்லுவாரு. தபால் போயிட்டா, தபால் போயிட்டான்னு காலையில கேட்டுட்டுத்தான் டீயே குடிப்பாரு."

thapal. பாஸ்வேர்டு கிடையாது, நுழைவுத் திரை கிடையாது. ஆயுளும் கிடையாது: chage -M -1. நாளைக்கு இன்னொருவர் பட்டியலைப் பார்த்து இதற்கும் தொண்ணூறு போட்டுவிடாமல், ஏன் இல்லை என்று பெயருக்கு எதிரே ஒரு குறிப்பு. ரிப்போர்ட் அனுப்பும் நிரலை, சர்வரில் தாணுமாலையனுக்கென்று இருந்த கோப்பறையிலிருந்து பொது இடத்துக்கு மாற்றினாள். திறந்து பார்த்தாள். அவர் எழுதிய நிரல். ஓரிடத்தில் மட்டும் ஒரு விளக்கக் குறிப்பு: கல்லிடைக்குறிச்சியில் மின்சாரம் போனால் மூன்று தரம் முயற்சி செய். வேறொன்றும் எழுதவில்லை.

கிளைக் கணினிகள் திறப்பது அவருடைய சாவிக்குத்தான். தபாலுக்குப் புதிய சாவி செய்து அங்கே வைத்தாக வேண்டும். வைக்க உள்ளே போக வேண்டும். போக அவர் சாவி வேண்டும். எல்லா அதிகாரமும் உள்ள ரூட்டாக இருந்து அதை எடுத்துக்கொண்டு அம்பாசமுத்திரத்தைத் திறந்தாள், புதிய சாவியை வைத்தாள், பழையதை நீக்கினாள். கல்லிடைக்குறிச்சி. சேரன்மகாதேவி. அவர் பேருந்தில் போன அதே வரிசை இல்லை. திரும்பி வந்த வரிசை. தானே போய் வந்ததுபோல் கால் வலித்தது.

சோதனைக்கு ஒரு ரிப்போர்ட் அனுப்பினாள். இசக்கிராஜாவுக்குப் போன் போட்டாள்.

"வந்துட்டு. பேஷண்ட் பேரு 'சோதனை'ன்னு போட்டிருக்கு. யாருக்கா இது? எங்க ஊர்ப் பேரு மாதிரி இல்லையே."

"அழிச்சிரு லே."

"சரிக்கா." கொஞ்சம் நிறுத்தினான். "அண்ணாச்சிதான் எப்பவும் இப்படிச் சோதனை விடுவாரு. வந்துட்டான்னு கேட்டுட்டு, சாப்பிட்டியாலேன்னு கேட்பாரு."

"சாப்பிட்டியா?"

"இனிமேதான்க்கா."

அதற்கப்புறம் மிச்சம் ஒன்றே. last போட்டு, யார் எப்போது நுழைந்தார்கள் என்று பார்த்தாள். செவ்வாய்க்கிழமை காலை, கண் டாக்டரிடம் போவதற்கு முன், தாணுமாலையன் இங்கே உள்ளே வந்திருக்கிறார். கறுப்புக் கண்ணாடியோடு, திரையைப் பார்க்கக் கூடாத கண்ணோடு. அதன் பிறகு அந்தப் பெயரில் யாரும் நுழையவில்லை. சாவியை எடுத்து ஒதுக்கினாள். அவர் பெயரில் ஓடுகிற வேலை எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டாள். பயனரை நீக்கவில்லை. எட்டு வருட ரிப்போர்ட்டுகளில் அந்தப் பெயர் இருக்கிறது. பெயரை எடுத்தால் அவை யாருடையது என்று தெரியாத வெறும் எண்ணாக நிற்கும்.

chage -E என்று அடித்து நிறுத்தினாள்.

"ஒண்ணுதான அண்ணாச்சி போடுவாரு?" என்றான் சிவகணேஷ்.

"போனவங்களுக்கு."

"அப்பம்?"

அவள் 2024-10-22 என்று அடித்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமை. இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றே. கடந்துபோன எந்தத் தேதியும் வாசலை ஒரே மாதிரிதான் அடைக்கும். சிவகணேஷ் அந்தத் தேதியைப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வெளியே போனான்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு நடந்ததை எழுதிவைக்க வேண்டும். "எம் பேரைப் போடுங்க, நான்தான தொண்ணூறைப் போட்டேன்" என்றான் திரும்பிவந்து. சித்ரலேகா அரைப் பக்கம் எழுதினாள். கூடத்தின் வேலையை நிர்வாகி தாணுமாலையன் தன் சொந்த லாகினில் ஓட்டிவந்தார். அவர் இறந்த பின் பாஸ்வேர்டு மட்டும் பூட்டப்பட்டது, சாவி இரண்டு வாரம் திறந்திருந்தது, யாரும் நுழையவில்லை. பாஸ்வேர்டுக்கு ஆயுள் வைத்ததும் வேலை நின்றது. இன்று காலை, பாஸ்வேர்டு மாற்றிய தேதியைப் பொய்யாக வைத்து ஓட்டியது நான். இப்போது சரிசெய்யப்பட்டது. படித்துவிட்டுச் சிவகணேஷ் கேட்டான். "அவரு பேரு வரக் கூடாதுன்னுதான இவ்வளவும் செஞ்சோம்?"

"அவரு இருந்தா இப்படித்தான் எழுதுவாரு."

அன்று அவள் தூங்கவில்லை என்று ஆவுடைத்தாய் பிறகு சொன்னாள். விடிவதற்கு முன்னரே கூடத்துக்கு வந்து காவல்காரரை எழுப்பிக் கதவைத் திறக்கச் சொன்னாள். லாகைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தாள். நேரம் வந்தது. ஒரு வரி விழுந்தது. thapal. அவ்வளவுதான், வேறு பெயர் இல்லை. சிறிது நேரத்தில் அம்பையிலிருந்து ஒரு செய்தி: வந்துட்டுக்கா. முப்பத்தெட்டாயிரம் இருந்த பிள்ளைக்கு ஐம்பத்தைந்து.

இன்ஸ்பெக்டர் வந்தார். லாகின் பட்டியலைக் கேட்டார். போனவர்கள் எல்லோருக்கும் 1970 ஜனவரி, ஒருவருக்கு மட்டும் போன மாதம் என்று இருந்ததில் விரலை வைத்தார். சிவகணேஷ் அந்த அரைப் பக்கத்தை நீட்டினான். படித்தார். கீழே ஒரு சிறு குறையாகக் குறித்தார், சரிசெய்யப்பட்டது என்றும் எழுதினார், அடுத்த தாளைப் புரட்டினார். தாணுமாலையன் இருபது வருடம் பார்த்த வேலையின் மேல் எவரும் சொன்ன ஒரே குறை அதுதான். அது உண்மையான குறை.

மதியம் டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி தாணுமாலையனின் இழுப்பறைச் சாவியைக் கொடுத்தார். எடுத்துக்கொள்ள அதிகம் இல்லை. ஒரு திருப்புளி, தைல டப்பா, பழைய குறுந்தகடு ஒன்று, படிக்கும் கண்ணாடியின் கூடு. செவ்வாய்க்கிழமை காலை கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் இதை இங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கூட்டைத் திறந்தாள். கண்ணாடிக்கு அடியில் பென் டிரைவ். அதன் மேல் வெள்ளை நாடா ஒட்டி, கண் தெரியாத கையால் கோணலாக: அனஸ்.

வெள்ளிக்கிழமை போய்விட்டது. அதற்கடுத்த வெள்ளியும் போய்விட்டது. அனஸ் தோஹாவில் இருக்கிறான்.

சிவகணேஷிடம் விலாசம் கேட்டாள்.

"அவங்க அம்மா இருப்பாங்க. ஆனா இப்பமே போகணுமா தங்கச்சி? மழையா இருக்கு. நான் யாரையாவது அனுப்புதேன்."

"வேண்டாம்ண்ணே. அவரு யாரையும் அனுப்ப மாட்டாரு."

பேருந்தில் கூட்டம் இல்லை. ஜன்னல் ஓரமாக ஓர் இருக்கை காலியாக இருந்தது. சிறிது நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். நடத்துநர் பெண்களுக்கான இலவசச் சீட்டைக் கிழித்தபடியே எங்கே என்று கேட்டார்.

"மேலப்பாளையம்" என்றாள்.